மடியில் மருந்து இருக்கும் வரை

மடிநோய் கண்ட மாட்டின் காம்பைத் தொட்டாலே சூடு தெரியும். பீய்ச்சினால் பால் திரிதிரியாக வரும். கால்நடை மருத்துவர் காம்பின் துளை வழியே மருந்து டியூப்பை ஏற்றுகிறார். இரண்டே நாளில் வீக்கம் வடிந்து பாலும் வெள்ளையாகிவிடும். தவறு நடப்பது அந்த நேரத்தில்தான். நோய் போனதும் மருந்தும் போய்விட்டது என்று நினைத்து, பாலைக் கேனில் ஊற்றிவிடுகிறார்கள்.

இந்த டியூப்புகள் சிலவற்றில் 200 மில்லிகிராம் அமாக்சிசிலின் இருக்கும். ஒரு கிலோ பாலில் அது 4 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது கோடெக்ஸ் எனும் சர்வதேச உணவுத் தர அமைப்பின் வரம்பு. கணக்குப் போட்டால், ஒரு டியூப் மருந்து முழுவதும் கலந்தால் 50,000 லிட்டர் பால் அந்த வரம்பைத் தொட்டுவிடும். மற்ற மாடுகளின் பாலோடு சேர்ந்தால் கரைந்துபோகும் என்ற நம்பிக்கைக்கு இதில் இடமே இல்லை.

நோய் ஒரு காம்பில்தானே, மற்ற மூன்றின் பாலை விற்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. மடியிலிருந்து மருந்து ரத்தத்தில் ஏறி மற்றக் காம்புகளுக்கும் போகும். நான்கு காம்புப் பாலையும்தான் ஒதுக்க வேண்டும். காய்ச்சினாலும் பயனில்லை, பென்சிலின் வகை மருந்துகள் வீட்டு அடுப்புச் சூட்டில் பெரும்பாலும் அழிவதில்லை. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு அந்தப் பால் ஆபத்தாகலாம். உறை ஊற்றினால் தயிரும் சரியாகத் தோயாது, ஏனென்றால் உறையில் இருப்பவையும் பாக்டீரியாக்கள்தான்.

எத்தனை நாள் ஒதுக்குவது? மருந்து லேபிளில் அந்தக் காலம் இருக்க வேண்டும். நிறுவனம் அதைச் சோதித்து உறுதி செய்யாத மருந்தென்றால் பாலுக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் என்று இந்திய மருந்து விதிகளில் 2012இல் சேர்த்தார்கள். நாளை எண்ண வேண்டியது கடைசி டியூப்பிலிருந்து. திங்கள் காலை முதல் டியூப், புதன் மாலை கடைசி டியூப் என்று வைத்துக்கொள்வோம். 7 நாள் கணக்கில் அடுத்த புதன் மாலை வரை பால் விற்பனைக்கு ஆகாது. திங்களிலிருந்து எண்ணினால் இரண்டரை நாள் மருந்துப் பால் வெளியே போய்விடும். நாளுக்கு 10 லிட்டர் கறக்கும் மாடென்றால் ஏறக்குறைய 100 லிட்டர் நஷ்டம். சிறு விவசாயிக்கு இது பெரிய தொகை. இழப்பை அவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

மருந்து இருப்பது கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது. பால் பண்ணைகளில் இதற்கென ஒரு சோதனை உண்டு. பாக்டீரியாவும் ஊதா நிறமியும் கலந்த குப்பியில் சில துளி பாலை விட்டு, சுமார் 64 டிகிரி சூட்டில் மூன்று மணி நேரம் வைப்பார்கள். பாக்டீரியா வளர்ந்தால் அமிலம் சுரந்து குப்பி மஞ்சளாகும். ஊதாவாகவே நின்றால் பாலில் மருந்து இருக்கிறது.

குணமாகாத மாட்டை அவசரமாக அடிமாடாக விற்பது இதைவிட மோசம். ஊசி போட்ட தசையிலும் சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் மருந்து அதிக நாள் தங்கும். வாங்குபவரிடம் கடைசி ஊசி போட்ட தேதியைச் சொல்ல விற்பவரைத் தவிர வேறு ஆள் கிடையாது.