அந்தப் பெண் நான் இல்லடி

கல்யாணமான புதிதில் ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், பாட்டி பக்கத்தில் நிற்கிறார். பின்னால் திரையில் வரைந்த தூணும் படிக்கட்டும். சுவரில் மாட்டியிருந்த அதைப் பேத்தி செல்போனில் படம் பிடித்து, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் ஏற்றினாள். இருவரும் இன்றைய மெரினாவில், தோளில் கைபோட்டு, வண்ணத்தில் நின்றார்கள்.

பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "படம் அழகாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பொண்ணு நான் இல்லடி. எனக்கு ரெண்டு பக்கமும் மூக்குத்தி, இவளுக்கு ஒண்ணுதான். என் புடவை பாட்டில் பச்சை, அரக்கு இல்ல. உங்க தாத்தா நாலு பேர் முன்னாடி என் தோள்ல கை வச்சதே இல்ல."

பாட்டி சொன்ன மூன்றுக்கும் காரணம் உண்டு.

முதலில் முகம். இத்தகைய செயலிகள் பல, முகத்தை வெட்டி ஒட்டுவதில்லை. பார்த்துவிட்டுப் புதிதாக வரைகின்றன. கண்ணாடிச் சட்டத்தின் பளபளப்போடு எடுத்த மங்கலான படத்தில் மூக்குத்தி ஒரு புள்ளிதான். தெரியாத இடத்தை, தான் பயின்ற ஆயிரமாயிரம் முகங்களை வைத்துச் செயலி ஊகித்து நிரப்புகிறது. அதனால்தான் முகம் பாட்டியின் சாயலில் இருந்தும் பாட்டியாக இல்லை.

அடுத்தது நிறம். கறுப்பு வெள்ளைப் படத்தில் அரக்கும் கரும்பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக விழக்கூடும். அந்தச் சாம்பலிலிருந்து அசல் நிறத்தை எந்தக் கருவியாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. உடுத்தியவரைத்தான் கேட்க வேண்டும்.

மூன்றாவது, தோளில் விழுந்த கை. அது பழைய படத்தில் இல்லவே இல்லை, முழுக்கக் கற்பனை.

பேத்தி மறுபடி செய்தாள். படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, ஸ்கேனரில் 1200 டிபிஐ அளவில் வைத்தாள். அரை அங்குல முகத்துக்கு 600 புள்ளிகள் கிடைத்தன. மூக்குத்தி இரண்டும் தெளிவாகத் தெரிந்தன. ஆட்களின் உருவத்தைத் தனியே குறித்து, அதைத் தொடாமல் பின்னணியை மட்டும் மாற்றினாள். ஸ்டுடியோ விளக்கு இடப்பக்கத்திலிருந்து விழுந்ததால், கடற்கரை வெயிலும் அதே பக்கத்திலிருந்து வரும்படி பார்த்துக்கொண்டாள். இல்லாவிட்டால் ஆட்கள் ஒட்டவைத்தது போலத் தெரிவார்கள். புடவைக்குப் பாட்டி சொன்ன பச்சை.

இப்போதும் தாத்தா உட்கார்ந்தேதான் இருந்தார், நாற்காலி மட்டும் மணலில். பாட்டி, "இது நாங்கதான்" என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படிச் செய்ய ஆசைப்பட்டால், படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள். மாற்றாத பிரதியைத் தனியாகச் சேமித்து, மாற்றியதில் 'மாற்றப்பட்டது' என்று குறியுங்கள். நாளை பார்க்கும் பிள்ளைகள் எது நடந்தது, எது வரைந்தது என்று குழம்பக் கூடாது. எல்லாவற்றுக்கும் முன்னால், படத்தில் இருப்பவர் நம்மோடு இருக்கும்போதே அவரிடம் கேட்டுவிடுங்கள்.