உயரம் ஏன் நின்றது?

ஜாசின் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் குடியிருந்த அந்த மாணவனுக்கு வயது 14, இரண்டாம் படிவம். வகுப்பில் அடிக்கடி தூங்கிவிடுவான். "ராத்திரியெல்லாம் கைப்பேசியா?" என்று ஆசிரியர் கடிந்துகொண்டார். உடம்பு போடுவதைப் பார்த்து, அப்பா இரவுச் சோற்றை நிறுத்தினார். எடை குறையவில்லை. வெயில் கொளுத்தும் மதியத்திலும் அவன் போர்வை கேட்டான். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மலச்சிக்கலுக்கு மருந்து வாங்க அம்மா அவனை அரசாங்கக் கிளினிக்கிற்கு அழைத்துப் போனார். டாக்டர் அவனது பழைய பதிவைப் புரட்டினார். 12 வயதில் உயரம் 148 சென்டிமீட்டர், எடை 42 கிலோ. இப்போது 150 சென்டிமீட்டர், 54 கிலோ.

"அம்மா, அதிகமாகச் சாப்பிட்டுப் பருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் உயரமாகவும் வளர்வார்கள். தம்பி பருத்திருக்கிறான், ஆனால் இரண்டு வருடத்தில் இரண்டே சென்டிமீட்டர்தான் வளர்ந்திருக்கிறான். இது சோற்றால் வந்ததாகத் தெரியவில்லை."

கழுத்தைத் தடவிப் பார்த்தார். தைராய்டு சுரப்பி லேசாக வீங்கியிருந்தது. ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு 96 என்று வந்தது. சாதாரணமாக அது நான்கு, ஐந்தைத் தாண்டாது. டி.எஸ்.எச். என்பது மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை. தைராய்டு வேலை செய்யாவிட்டால் அந்தக் கட்டளை ஓங்கிக்கொண்டே போகும்.

"பிறந்தபோதே தொப்புள்கொடி ரத்தத்தில் இதைச் சோதித்தார்களே, டாக்டர்?" என்றார் அம்மா.

"அது பிறவிக் குறைக்கான சோதனை. இது பிறகு வந்தது."

உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கும் நோய் இது. 1912இல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோவின் பெயரால் அழைக்கப்படுகிறது. பெண்களுக்கே அதிகம் வரும் என்பதால் பையன்களிடம் எளிதில் சந்தேகம் எழுவதில்லை.

தினம் ஒரு லெவோதைராக்சின் மாத்திரை கொடுத்தார்கள். எட்டு வாரம் கழித்தும் டி.எஸ்.எச். 30க்குக் கீழே இறங்கவில்லை. அளவைக் கூட்டுவதற்கு முன் டாக்டர் ஒன்று கேட்டார்: "மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறாய், தம்பி?"

"காலையில், சோயா பாலோடு."

சோயா அந்த மருந்தைக் குடலில் சேரவிடாமல் குறைக்கும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் அப்படித்தான். அன்றுமுதல் ஐந்தரை மணிக்கு எழுந்து, வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கினான். அரை மணி நேரம் கழித்தே பசியாறினான்.

அடுத்த பரிசோதனையில் 3.8. தூக்கம் தெளிந்தது, போர்வை போனது. எடை மட்டும் நான்கு கிலோதான் இறங்கியது. தைராய்டால் ஏறுவதில் பெரும்பங்கு நீரும் உப்பும்தான், மீதியைக் குறைக்கப் பந்து விளையாட வேண்டும் என்றார் டாக்டர். அவனுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம். ஆனால் ஆறு மாதத்தில் நான்கு சென்டிமீட்டர் வளர்ந்திருந்தான்.