பேறுகால விடுப்புக்கு முன் அனுப்பும் மெயில்

திருப்பூரில் நடுத்தர அளவிலான ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவில் இரண்டே பேர். மூத்தவர் ஜனவரி நடுவில் பேறுகால விடுப்பில் போகிறார். சட்டம் தரும் 26 வாரத்தையும் எடுத்தால் ஜூலை நடுவில்தான் திரும்புவார். அந்த இடைவெளியில் மார்ச் 31 வருகிறது. கணக்கு முடிப்பு, ஆடிட்டர் கேட்கும் தாள்கள், புது நிதியாண்டின் பதிவுகள் எல்லாம் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத இளையவரின் தலையில் விழும். மூத்தவர் போகுமுன் அவருக்கு எழுதும் ஒப்படைப்பு மெயில்தான் அந்த ஆறு மாதத்தை ஓட்ட வேண்டும்.

பெரும்பாலான ஒப்படைப்பு மெயில்கள் வேலைகளின் பெயர்ப் பட்டியலாக நின்றுவிடுகின்றன. ‘சாயப்பட்டறை பில் பாக்கி’ என்று ஒரு வரி இருக்கும். எழுதியவருக்கு அதன் முழுக் கதையும் மனதில் இருக்கிறது. படிப்பவருக்கு எதுவுமில்லை. அதே வரியை இப்படி எழுதிப் பாருங்கள்:

“சாயப்பட்டறை டிசம்பர் பில் ரூ.1,84,000. நேவி ப்ளூ லாட்டில் ஷேடு மாறியதால் ரூ.22,000 பிடிக்கச் சொல்லி புரொடக்‌ஷன் மேனேஜர் கேட்டிருக்கிறார். பட்டறைக்காரர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. மீதி ரூ.1,62,000 ஜனவரி 25-க்குள் போக வேண்டும். ஷேடு ரிப்போர்ட், பில் ஃபோல்டரிலேயே இருக்கிறது. எவ்வளவு பிடிப்பது என்பது புரொடக்‌ஷன் மேனேஜர் முடிவு. பணத்தை விடுவது முதலாளி முடிவு. நீ டெபிட் நோட் போட்டால் போதும், பட்டறைக்காரரிடம் பேரம் பேச வேண்டாம்.”

வேலை எந்த இடத்தில் நிற்கிறது, யாருக்காகக் காத்திருக்கிறது, என்றைக்குள் முடிய வேண்டும், தாள் எங்கே, யார் சொன்னால் நகரும் என்பதெல்லாம் இதில் வந்துவிடுகிறது. பட்டறைக்காரர் போனில் சத்தம் போடும்போது, “இது மேனேஜர் சார் முடிவுங்க” என்று இளையவரால் சொல்ல முடிகிறது. கடைசி வரியின் அருமை அப்போதுதான் தெரியும்.

யார் முடிவெடுப்பது என்ற பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எழுதவே சங்கடப்படுபவர்களும் உண்டு, முதலாளியின் அதிகாரத்தைத் தான் பங்கு போடுவதுபோல் தோன்றும் என்று. ஆனால் வேலை தேங்குவது பெரும்பாலும் இங்கேதான். ஃபைல் கிடைக்காவிட்டால் அரை மணி நேரம் தேடினால் அகப்படும். ‘இதைச் செய்யலாமா’ என்ற கேள்விக்கு ஆள் கிடைக்காவிட்டால் வாரக்கணக்கில் நிற்கும். எனவே தொகை வரம்பை எழுத வேண்டும். உதாரணமாக, ரூ.25,000 வரையிலான லாரி வாடகை, ஊசி, நூல் செலவுகளுக்கு மேனேஜரின் வாட்ஸ்அப் ஒப்புதல் போதும், அதற்கு மேல் முதலாளி என்று. முதலாளி வாங்குபவரைப் பார்க்க வெளிநாடு போயிருந்தால் அந்த நாட்களில் யார் என்பதையும் எழுத வேண்டும். இந்த ஒரு வரி இல்லாமல்தான் பல இடங்களில் சம்பள நாளன்றே பணம் நிற்கிறது.

யாரும் முடிவெடுக்கத் தேவையில்லாதவையும் உண்டு. மாதம் 14-ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் வரும் 2பி பட்டியலில் ஒரு சப்ளையரின் பில் இல்லையென்றால், 20-ஆம் தேதி தாக்கல் செய்யும் 3பி-யில் அதற்கான வரியைக் கழிக்கக் கூடாது. சப்ளையருக்குப் போன் செய்து பில்லை ஏற்றச் சொல்ல வேண்டும், அது பட்டியலில் வந்த பிறகு எடுத்துக்கொள்ள வேண்டும். ‘யார் கேட்டாலும் கழிக்காதே, இது சட்டம்’ என்று மெயிலில் இருந்தால், அனுபவம் குறைந்தவர் ஒருவரின் அவசரத்துக்கு வளைந்து கொடுக்க வேண்டியிருக்காது.

மாதாமாதம் வரும் தேதிகள் பழகிய கைக்குத் தப்புவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வருபவைதான் நழுவும், இளையவர் அவற்றை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார். வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான எல்யூடி உறுதிமொழியை ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகத் தாக்கல் செய்ய வேண்டும். அது இல்லையென்றால் ஏற்றுமதி பில்லுக்கு வரியைக் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்க வேண்டும், அதுவரை பணம் முடங்கும். ஆகவே ‘மார்ச் 15: எல்யூடி’ என்று மட்டும் எழுதாமல், தளத்தில் Services > User Services > Furnish Letter of Undertaking (LUT) என்ற வழியையும், சென்ற ஆண்டுப் பிரதி இருக்கும் இடத்தையும் சேர்க்க வேண்டும். டிடிஎஸ்ஸும் அப்படித்தான். மற்ற மாதங்களில் பிடித்ததை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு. இது தெரியாத இளையவர் ஏப்ரல் முதல் வாரத்தில் வீணாகப் பதறுவார்.

ஃபைல் இருக்கும் இடத்தை எழுதுவது எளிது, அதைத் திறக்க முடியுமா என்று பார்ப்பதுதான் வேலை. ஆபீஸ் எக்செல்கள் மூத்தவரின் சொந்த ஜிமெயில் டிரைவில் இருந்தால் நிறுவனக் கணக்குக்கு மாற்றிவிட்டுப் போக வேண்டும். ‘final’, ‘final2’ என்று மூன்று பிரதிகள் இருந்தால் சரியானதை மட்டும் வெளியே வைத்து, மற்றவற்றைப் ‘பழையவை’ ஃபோல்டருக்குத் தள்ள வேண்டும். ஒப்பந்த அசல் எந்த பாக்ஸ் ஃபைலில், பீரோ சாவி யாரிடம் என்பதும் வர வேண்டும்.

ஓடிபி சிக்கல் இதைவிடக் கொடுமையானது. கூட்டு நிறுவனங்கள் பலவும் ஜிஎஸ்டி ரிட்டர்னை ஓடிபி மூலம் ஒப்புதல் தந்து தாக்கல் செய்கின்றன. அதிகாரம் பெற்றவர் பெயரில் பதிவான மொபைலுக்கும் மெயிலுக்கும் அது வரும். வசதிக்காகக் கணக்காளரின் எண்ணை என்றோ கொடுத்திருந்தால், பிரசவமாகி நான்காம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருப்பவரிடம் “அந்த ஆறு நம்பர் சொல்லுங்க” என்று கேட்க வேண்டிவரும். ஒரு தாய்க்கு அந்த நிலை வரவே கூடாது. எண்ணை மாற்ற ஜிஎஸ்டி அதிகாரியின் ஒப்புதல் தேவையில்லை, தளத்திலேயே விண்ணப்பித்து மாற்றிவிடலாம். வங்கியில் அப்படி உடனே முடியாது. இளையவருக்குத் தனி யூசர் ஐடி வாங்க நிறுவனக் கடிதம், கையெழுத்து எல்லாம் வேண்டும், நாட்களும் ஆகும். அதனால் முதலில் தொடங்க வேண்டியது அதைத்தான். தன் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுப் போவது குறுக்குவழிபோல் தெரியும், ஆனால் விடுப்பில் இருக்கும்போது நடக்கும் ஒவ்வொரு பணப் பரிமாற்றமும் அவர் பெயரிலேயே பதிவாகும். பாஸ்வேர்டு எதுவும் மெயிலில் வரக் கூடாது.

மெயிலைக் கடைசி நாளில் அனுப்பினால் பயனில்லை. குழந்தை தேதி பார்த்து வருவதில்லை. டிசம்பர் தொடக்கத்திலேயே வரைவு தயாராக இருந்தால், டிசம்பர் 20-ஆம் தேதி 3பி-யை இளையவரே அந்த மெயிலை மட்டும் பார்த்துச் செய்யலாம். மூத்தவர் பக்கத்தில் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. இளையவர் எங்கெல்லாம் கையை நிறுத்தி நிமிர்ந்து பார்க்கிறாரோ அங்கெல்லாம் மெயிலில் ஒரு வரி குறைகிறது.

இளையவருக்கு எழுதும் இந்த மெயிலின் பிரதி முதலாளி, புரொடக்‌ஷன் மேனேஜர், ஆடிட்டர் மூவருக்கும் போக வேண்டும். அதிலுள்ள வரம்புகளை முதலாளியே “சரி” என்று பதில் போட்டு ஏற்க வேண்டும். அது வராதவரை அந்த ரூ.25,000 வரம்பு மூத்தவரின் விருப்பம் மட்டுமே. பதில் வரவில்லையென்றால் நேரில் போய்க் கேட்டு வாங்குவதும் ஒப்படைப்பு வேலைதான்.

இறுதியில், எதற்காக மட்டும் தன்னை அழைக்கலாம் என்று ஒரு வரி. வருமான வரி அல்லது ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்து, பழைய விவரம் வேறு யாருக்கும் தெரியாதபோது மட்டும், அதுவும் முதலில் ஆடிட்டரிடம் கேட்ட பிறகு. மற்றபடி எடுக்கும் முடிவுகளை எல்லாம் தேதி போட்டு இதே மெயிலுக்குப் பதிலாக இளையவர் எழுதி வைக்கட்டும். ஜூலையில் மூத்தவர் முதல் நாள் படிப்பது அதைத்தான்.