12 அடி ஃபிரிட்ஜில் காணாமல் போன 18 லிட்டர்

மாவரைத்த ஞாயிற்றுக்கிழமைதான் அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. புது ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் மாவுப் பாத்திரத்தை வைத்துக் கதவைச் சாத்தினால் விளிம்பு இடித்தது. அத்தான் வளைகுடாவில் 18 ஆண்டுகள் வேலை பார்த்தவர். அங்கே ஃபிரிட்ஜைக் கன அடி சொல்லித்தான் வாங்குவாராம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கடையில் போய், "12 அடி ஃபிரிட்ஜ் காட்டுங்க" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் காட்டியதன் மேல் விலை அட்டை தொங்கியது: 12 கன அடி, 322 லிட்டர், 36,000 ரூபாய். பில்லில் ‘12 கன அடி, டபுள் டோர்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள்.

"மாப்பிள்ளை, இது 12 அடி இல்ல. எழுதிக் கொடுத்து ஏமாத்திட்டான். ஒரு புகார்க் கடிதம் எழுதிக் குடு" என்றார் அத்தான். எழுத உட்கார்ந்தபோதுதான் அந்தக் கணக்கை நானும் முதல்முறையாகப் போட்டுப் பார்த்தேன்.

கன அடி நமக்குப் புதிய சொல் அல்ல. மேட்டூர் அணைக்கு வினாடிக்கு இத்தனை கன அடி தண்ணீர் வருகிறது என்று ஆடி மாதம் முழுக்கப் படிக்கிறோம். மர வாடியில் தேக்கையும் கன அடியில்தான் விலை பேசுகிறார்கள். ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள பெட்டியில் எவ்வளவு கொள்ளுமோ, அதுதான் ஒரு கன அடி. ஓர் அடி என்பது சரியாக 30.48 சென்டிமீட்டர், 1959-இல் உலக நாடுகள் சில கூடி நிலைப்படுத்திய அளவு இது. அதை மூன்று முறை பெருக்கினால் 28,317 கன சென்டிமீட்டர் வரும். ஆயிரம் கன சென்டிமீட்டர் ஒரு லிட்டர். ஆக ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஏறத்தாழ இரண்டு குடம் தண்ணீர்.

இந்தக் கணக்கில் 12 கன அடி என்றால் 340 லிட்டர் இருக்க வேண்டும். அட்டையில் இருந்ததோ 322. ஒரே அட்டையில், ஒரே வரியில் எழுதிய இரண்டு எண்களுக்குள் 18 லிட்டர் இடிக்கிறது.

அத்தானின் கோபம் அதோடு நிற்கவில்லை. கதவில் ஒட்டியிருந்த நட்சத்திர ஸ்டிக்கரை எனக்குக் காட்டினார். மின்சாரச் செலவைச் சொல்லும் அந்த ஸ்டிக்கரில் இரண்டு கொள்ளளவுகள் அச்சாகியிருந்தன: ‘கிராஸ் வால்யூம்’ 322 லிட்டர், ‘ஸ்டோரேஜ் வால்யூம்’ 301 லிட்டர். "பாத்தியா, உண்மையில 301தான். 340-க்குக் காசு வாங்கிட்டு 39 லிட்டரை அமுக்கிட்டான்!"

இந்த இடத்தில்தான் பலருடைய புகார் தடம் மாறிப் போகிறது. கிராஸ் என்பது மொத்தக் கொள்ளளவு. கதவைச் சாத்திய பிறகு, தட்டுகளையும் டப்பாக்களையும் கணக்கில் கொள்ளாமல், உட்சுவர்களுக்குள் அடங்கும் மொத்த இடம். ஸ்டோரேஜ் என்பது நாம் பொருள் வைக்கக்கூடிய இடம். மொத்தத்திலிருந்து தட்டுகள், விளக்குக் கூடு, குளிர்காற்று வரும் குழாய் போன்றவை அடைக்கும் இடத்தைக் கழித்தால் கிடைப்பது. ஐஸ் கட்டாத ‘ஃப்ராஸ்ட் ஃப்ரீ’ வகையில் ஃப்ரீசரின் பின்சுவருக்குள் விசிறியும் குளிர்ச்சுருளும் ஒளிந்திருப்பதால் இந்தக் கழிவு கூடுதலாகவே இருக்கும். இரண்டு எண்ணும் ஸ்டிக்கரில் வெளிப்படையாக இருப்பதால், 322-க்கும் 301-க்கும் நடுவே உள்ள 21 லிட்டரை யாரும் திருடவில்லை. அதையும் சேர்த்து 39 என்று எழுதினால், கடைக்காரர் ஸ்டிக்கரைக் காட்டியே கடிதம் முழுவதையும் தள்ளிவிடுவார். நியாயமான புகார் 18 லிட்டருக்குத்தான்.

அத்தான் விடாமல் டேப்பை எடுத்து உள்ளே அளக்கவும் தொடங்கினார். கீழே பின்பக்கம் கம்ப்ரசருக்காக ஒரு மேடு துருத்திக்கொண்டிருக்கிறது, மூலைகள் வளைந்திருக்கின்றன, கதவுத் தட்டுகள் உள்ளே நுழைந்து இடத்தைப் பிடிக்கின்றன. மூன்று முறை அளந்ததில் மூன்று விடை வந்தது. வீட்டு டேப் அளவைக் கடிதத்தில் எழுதாமல் இருப்பதே நல்லது. கடைக்காரர் கைப்பட எழுதியதும் கம்பெனி அச்சடித்ததும் ஒன்றோடொன்று மோதுவதே போதுமான சாட்சி.

சரி, அந்த 18 லிட்டர் எங்கே போனது? லிட்டரும் கன அடியும் ஒத்துப்போகாமல் இருக்க மூன்று காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு தடயத்தை விட்டுச் செல்லும்.

முதலாவது, முழு எண்ணாக்குவது. 11.4 கன அடியை 11 என்று எழுதிவிடுவார்கள். அரை அடிக்குள் அடங்கும் வித்தியாசம், அதாவது 14 லிட்டர் வரை, இதனால் வரலாம். அதற்குக் கடிதம் எழுதிப் பயனில்லை. எங்கள் 322 லிட்டரை 28.3-ஆல் வகுத்தால் 11.4 வருகிறது. அதை முழு எண்ணாக்கினால் 11 ஆகும், 12 ஆகாது.

இரண்டாவது, இரண்டு கொள்ளளவுகளைக் கலந்துவிடுவது. லிட்டரில் மொத்தத்தையும் கன அடியில் ஸ்டோரேஜையும் எழுதினால் எண்கள் மோதும். ஆனால் அப்படி எழுதியிருந்தால் 301 லிட்டருக்குரிய 10.6 கன அடி அட்டையில் இருந்திருக்கும். அதுவும் இல்லை.

மூன்றாவது, பெருக்கும் எண்ணே தவறாக இருப்பது. பள்ளிக்கூட ஸ்கேலில் ஒரு பக்கம் 12 அங்குலம், மறுபக்கம் 30 சென்டிமீட்டர். அதனால் ஓர் அடி என்றால் 30 சென்டிமீட்டர் என்றே பலர் மனதில் பதிந்துவிட்டது. முப்பதை மூன்று முறை பெருக்கினால் 27,000, அதாவது 27 லிட்டர். இப்போது 322-ஐ 27-ஆல் வகுத்துப் பாருங்கள்: 11.93. யாராக இருந்தாலும் 12 என்றுதான் எழுதுவார்கள். தடயம் கிடைத்துவிட்டது. நீளத்தில் விட்ட அரை சென்டிமீட்டருக்கும் குறைவான பிழை ஒன்றரை சதவீதம்தான். நீளம், அகலம், உயரம் என மூன்று பக்கமும் அது சேரும்போது கொள்ளளவில் நாலரை சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது.

இது ஏமாற்று இல்லை, கணக்குப் பிழை என்று தெரிந்ததும் கடிதத்தின் தொனி மாறியது. அத்தான் சொல்லச் சொல்ல எழுதியதில் ‘மோசடி’ என்ற சொல் நான்கு இடங்களில் இருந்தது. நான்கையும் அடித்துவிட்டு இப்படி எழுதினோம்:

"ஐயா, தங்கள் கடையில் கடந்த வாரம் நான் வாங்கிய டபுள் டோர் ஃபிரிட்ஜின் பில் நகலை இணைத்துள்ளேன். பில்லில் கொள்ளளவு 12 கன அடி என்று குறிக்கப்பட்டுள்ளது. விலை அட்டையில் 12 கன அடி, 322 லிட்டர் என்று இருந்தது. அதன் புகைப்படமும் இணைப்பில் உள்ளது. ஒரு கன அடி 28.3 லிட்டர் என்பதால் 12 கன அடி 340 லிட்டர் ஆகும். ஃபிரிட்ஜில் உள்ள நட்சத்திர ஸ்டிக்கரின்படி மொத்தக் கொள்ளளவு 322 லிட்டர், அதாவது 11.4 கன அடி மட்டுமே. 12 கன அடி வேண்டும் என்று கேட்டே இதை வாங்கினேன். எனவே 340 லிட்டருக்குக் குறையாத மொத்தக் கொள்ளளவு உள்ள ஃபிரிட்ஜை மாற்றித் தர வேண்டும். இயலாவிட்டால் இதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தர வேண்டும். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்."

விகிதக் கணக்குப் போட்டு, 18 லிட்டருக்கு 1,900 ரூபாய் திருப்பித் தரும்படி கேட்கலாம் என்று அக்கா சொன்னாள். அந்தக் கோரிக்கை நிற்காது. ஃபிரிட்ஜ் விலை லிட்டர் கணக்கில் ஏறி இறங்குவதில்லை. கம்ப்ரசர், நட்சத்திரம், கதவு எல்லாம் சேர்ந்ததுதான் விலை. கேட்டது ஒன்று, கொடுத்தது ஒன்று என்பதே நம் வழக்கு என்றால், கேட்ட பொருளையே கேட்பதுதான் பொருத்தம்.

இந்தக் கடிதத்துக்குப் பின்பலமும் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி விலைப்பட்டியல், பில், விளம்பரம் எதிலும் அளவை மெட்ரிக் அலகில்தான் குறிக்க வேண்டும். லிட்டரே இல்லாமல் கன அடியை மட்டும் போட்டுக் கொடுத்த பில் அந்த வகையிலேயே தவறு. கடிதத்தை விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதையும் ஒரு நகலையும் பத்திரப்படுத்த வேண்டும். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. ஆனால் அங்கே எழுத்துதான் பேசும். ‘சேல்ஸ்மேன் வாயால் சொன்னார்’ என்பதை நிரூபிப்பது கடினம்.

எங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஆறாம் நாள் கடை மேலாளரே போன் செய்தார். கால்குலேட்டரில் போட்டுப் பார்த்ததாகவும், அட்டை எழுதும் பையன் எல்லா ஃபிரிட்ஜுக்கும் 27-ஆல் வகுத்து வைத்திருந்ததாகவும் சொன்னார். 3,800 ரூபாய் விலை கூடுதலான 343 லிட்டர் ஃபிரிட்ஜை, 1,500 மட்டும் வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்தார். அத்தான் அதையும் வகுத்துப் பார்த்தார்: 12.1 கன அடி.

ஃபிரிட்ஜ் வாங்கப் போகும்போது 28.3 என்ற எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கன அடி சொன்னால் பெருக்கிப் பாருங்கள். ஸ்டிக்கரில் உள்ள மொத்தக் கொள்ளளவோடு ஒப்பிடுங்கள். விலை அட்டையைப் படம் எடுங்கள். பணம் கட்டுவதற்கு முன், பில்லில் லிட்டரை எழுதச் சொல்லி வாங்குங்கள்.