நெல் வயலின் மூன்று மூலக்கூறுகளும் தனித்த இரட்டைகளும்

மேல்நிலை முதலாம் ஆண்டு வேதியியல் விடைத்தாள்களில் ஒரே பிழையை நான் ஆண்டுதோறும் திருத்தி வந்தேன். "அம்மோனியாவின் வடிவம் யாது?" என்ற வினாவுக்கு, "sp³ இனக்கலப்பு, எனவே நான்முகி" என்று பாதிப் பேராவது எழுதியிருப்பார்கள். இனக்கலப்பு சரி, வடிவம் தவறு. இதில் மாணவர் குற்றம் குறைவு. "sp³ என்றால் நான்முகி" என்று மீத்தேனை வைத்துக் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான்தான்.

எங்கள் பள்ளி தஞ்சாவூர்ப் பகுதியில் ஆற்றுப் பாசனக் கிராமம் ஒன்றில் இருக்கிறது. பிள்ளைகளில் பலர் வயல் வேலை அறிந்தவர்கள். ஆகவே பாடத்தை நடவு வயலிலிருந்தே தொடங்கினேன். வயலில் நிற்பது நீர், H₂O. காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிரிகள் உண்டாக்குவது மீத்தேன், CH₄. மேலுரமாக இட்ட யூரியா சிதையும்போது கிடைப்பது அம்மோனியா, NH₃. மூன்றிலும் மைய அணுவுக்கு sp³ இனக்கலப்புதான். ஆனால் வடிவங்கள் மூன்று. வேறுபாட்டுக்குக் காரணம் தனித்த எலக்ட்ரான் இரட்டை.

விடையை நான்கு படிகளில் எழுதப் பழக்கினேன். அம்மோனியாவுக்கு அது இப்படி அமையும்.

1. மைய அணு நைட்ரஜன். இணைதிறன் எலக்ட்ரான்கள் 5.
2. மூன்று N–H பிணைப்புகளுக்கு நைட்ரஜன் தருவது 3. மீதம் 2. ஆகவே தனித்த இரட்டை 1.
3. பிணைப்பு இரட்டைகள் 3, தனித்த இரட்டை 1, மொத்தம் 4. நான்கு இரட்டைகளும் நான்முகியின் மூலைகளை நோக்கி அமையும். இனக்கலப்பு sp³.
4. அணுக்களை மட்டும் பார்த்து வடிவத்துக்குப் பெயரிடுக: முக்கோணப் பிரமிடு. பிணைப்புக் கோணம் சுமார் 107°.

மூன்றாம் படி எலக்ட்ரான் இரட்டைகளின் அமைப்பைச் சொல்கிறது. நான்காம் படி மூலக்கூறின் வடிவத்தைச் சொல்கிறது. மாணவர்கள் மூன்றாம் படியிலேயே நின்றுவிடுவதுதான் பிழையின் வேர். இதைக் காட்ட நான்கு பலூன்களின் வாய்களை ஒன்றாகக் கட்டினேன். அவை தாமாகவே நான்முகியாக விலகி நின்றன. ஒன்று சிவப்பு, அது தனித்த இரட்டை. "சிவப்பு இடத்தைப் பிடித்திருக்கிறது, ஆனால் அதன் நுனியில் அணு இல்லை. அணு இருக்கும் நுனிகளை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள்" என்றேன். பிரமிடு என்று சொல்ல அவர்களுக்கு நேரமாகவில்லை.

கோணம் ஏன் குறைகிறது என்பதை ஒரு வரியில் எழுத வேண்டும். பிணைப்பு இரட்டையை இரண்டு அணுக்கருக்கள் இழுப்பதால் அது இடையில் நீண்டு ஒடுங்கியிருக்கும். தனித்த இரட்டையை மைய அணுவின் கரு மட்டுமே இழுப்பதால் அது மைய அணுவை ஒட்டி அகன்று பரவி, அருகிலுள்ள பிணைப்பு இரட்டைகளை அதிகமாக விலக்கும். தனித்த இரட்டையே இல்லாத மீத்தேனில் கோணம் 109.5°, ஒன்றுள்ள அம்மோனியாவில் 107°. நீரில் ஆக்சிஜனின் 6 எலக்ட்ரான்களில் 2 பிணைப்புக்குப் போக மீதம் 4, அதாவது தனித்த இரட்டைகள் 2. ஆகவே அது வளைந்த வடிவம், கோணம் 104.5°.

புரிந்ததா என்று அறிய அடுத்த வினாவையும் வயலிலிருந்தே கேட்டேன். சேற்றில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் அயனியாக, NH₄⁺ ஆக இருக்கிறது. அதன் வடிவம் என்ன? நேர்மின்சுமைக்காக 5-இல் ஒன்றைக் கழித்தால் 4. நான்கு பிணைப்புகளுக்கு நான்கும் செலவாகிவிடும். தனித்த இரட்டை இல்லை. அம்மோனியாவின் தனித்த இரட்டை H⁺ உடன் பிணைப்பாகிவிட்டது. எனவே இங்கு நான்முகி என்பதே சரியான விடை, கோணம் 109.5°. மின்சுமையைக் கழிக்க மறந்தவர் மீதம் ஒற்றை எலக்ட்ரானில் வந்து நிற்பார். பிழையை அங்கேயே கண்டுகொள்ளலாம்.

இம்முறையின் எல்லையையும் நாம் அறிந்திருக்க வேண்டும். கறுத்த சேற்றைக் கிளறும்போது அழுகிய முட்டை நாற்றம் தரும் H₂S-க்கும் நீரின் கணக்கே வரும். வளைந்த வடிவம் என்பதும் சரியே. ஆனால் அளந்த கோணம் சுமார் 92°. அது sp³-ஐ விட, கலப்பில்லாத p ஆர்பிட்டால்களின் 90°-க்கே நெருக்கம். இரட்டைகளை எண்ணுவது வடிவத்தை நன்றாகச் சொல்லும்; கோணத்தைச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

இப்போது நான் கரும்பலகையில் "sp³ என்றால் நான்முகி" என்று எழுதுவதில்லை. "sp³ என்றால் நான்கு இரட்டைகள்; தனித்தவை எத்தனை?" என்று எழுதுகிறேன். வடிவத்தை அந்தக் கேள்விக்கு விடை கண்ட பிறகே எழுதச் சொல்கிறேன்.