வேர் நரைக்கு 20 வால்யூம் போதும்

டை அடித்த ஒரே மாதத்தில் வகிட்டில் வெள்ளைக்கோடு எட்டிப் பார்க்கும். அதை மறைக்க டெவலப்பர் 20 வால்யூம், அதாவது 6 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். 40 வால்யூமில் இது 12 சதவீதம். நரையை அது கூடுதலாக மறைப்பதில்லை, தலைத்தோலைத்தான் புண்ணாக்கும்.

48 மணி நேரம் முன்பே காதின் பின்புறம் சிறிது தடவிச் சோதியுங்கள். டை போடும் நாளில் தலைக்குக் குளிக்க வேண்டாம். இயற்கை எண்ணெய்ப்பசை தோலைக் காக்கும். நெற்றியோரம் வாஸ்லின் தடவி, வேரில் மட்டும் பூசுங்கள். பாக்கெட்டில் போட்ட நேரத்தைத் தாண்டாதீர்கள். பெரும்பாலும் 30 முதல் 45 நிமிடம்.

லேசான குறுகுறுப்பு சகஜம். எரிந்தால் நேரம் பார்க்காமல் உடனே அலசிவிடுங்கள். கொப்புளமோ முகவீக்கமோ வந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள்.