டார்க் ரெஞ்ச்: தொலைவை எங்கிருந்து அளப்பது?

பத்தாம் வகுப்பில் திருப்புத்திறன் பாடத்தை நடத்தும்போது, விசையைச் செங்குத்துத் தொலைவால் பெருக்க வேண்டும் என்று சொல்லித் தருகிறோம். மாணவர்கள் கணக்கைச் சரியாகவே போட்டுவிடுகிறார்கள். "அந்தத் தொலைவை எந்தப் புள்ளியிலிருந்து அளந்தாய்?" என்று கேட்டால்தான் தயங்குகிறார்கள். திருப்புத்திறன் எப்போதும் ஏதேனும் ஒரு புள்ளியைப் பொறுத்தது. புள்ளி மாறினால், அதே விசைக்குத் திருப்புத்திறனும் மாறும். இந்தக் கருத்தை விளக்க நான் வகுப்பில் எடுத்துக்கொள்ளும் கருவி, மெக்கானிக் பட்டறைகளில் உள்ள டார்க் ரெஞ்ச்.

கருவி எதை அளக்கிறது?

வண்டியின் சில போல்டுகளை இவ்வளவு திருப்புத்திறனுக்குத்தான் முறுக்க வேண்டும் என்று தயாரிப்பாளரின் கையேட்டில் குறித்திருப்பார்கள். குறைவாக முறுக்கினால் போல்டு ஓட்டத்தில் தளர்ந்துவிடும். அதிகமாக முறுக்கினால் போல்டு இழுபட்டு நீளும். அலுமினியப் பாகமாக இருந்தால் அதிலுள்ள மரையே பிய்ந்துவிடும். அதனால்தான் அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் தேவைப்படுகிறது. பரவலாக உள்ள வகையில், பிடியைத் திருகி வேண்டிய அளவை வைத்துவிட்டு முறுக்க வேண்டும். அந்த அளவை எட்டியதும் 'டக்' என்று ஒலி கேட்கும். கையிலும் ஒரு சிறு தளர்வு தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும்.

கருவியின் தலையில் சாக்கெட்டைச் செருகுவதற்கு ஒரு சதுர முனை இருக்கிறது. அந்தச் சதுர முனையைப் பொறுத்த திருப்புத்திறனைத்தான் கருவி உணர்கிறது. சாக்கெட்டை நேரடியாகப் போல்டின் மேல் மாட்டும்போது சதுர முனையின் மையமும் போல்டின் மையமும் ஒரே அச்சில் இருக்கின்றன. எனவே கருவி உணர்வதும் போல்டு பெறுவதும் ஒன்றே.

நீட்டிப்பு சேரும்போது

மேலே ஒரு குழாயோ தகடோ மறைத்து, சாக்கெட் நுழைய இடமில்லாத போல்டுகளும் உண்டு. அவற்றுக்குச் சதுர முனையில் ஒரு தட்டையான தலையைச் செருகிப் பக்கவாட்டில் எட்ட வைப்பார்கள். கடைகளில் இதைக் 'க்ரோ ஃபுட்' என்பார்கள். இப்போது போல்டின் மையம் சதுர முனையிலிருந்து விலகிவிடுகிறது. கையிலிருந்து போல்டு வரையுள்ள தொலைவு கூடுகிறது. ஆனால் கையிலிருந்து சதுர முனை வரையுள்ள தொலைவு பழையபடியே இருக்கிறது. நீட்டிப்பு தனக்கு முன்னால் இருப்பது கருவிக்குத் தெரியாது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சதுர முனையின் மையத்திலிருந்து பிடியின் நடுப்பகுதி வரை 400 மி.மீ.; நீட்டிப்பு 50 மி.மீ.; போல்டுக்கு வேண்டியது 90 நியூட்டன் மீட்டர். கருவியிலும் 90 என்றே வைத்து முறுக்கினால், ஒலி கேட்கும்போது கை தரும் விசை 90 ÷ 0.4 = 225 நியூட்டன். போல்டு மையத்திலிருந்து கை 0.45 மீட்டர் தொலைவில் இருக்கிறது. ஆகவே போல்டு பெறுவது 225 × 0.45 = 101.25 நியூட்டன் மீட்டர். வேண்டியதைவிட இது 12.5 சதவீதம் அதிகம். இத்தகைய கருவிகளுக்குப் பொதுவாக அனுமதிக்கப்படும் பிழையே 4 சதவீதம் அளவுதான்.

திருத்தமும் இதே கணக்கிலிருந்து கிடைக்கிறது. போல்டுக்கு 90 வேண்டுமானால் கை தர வேண்டிய விசை 90 ÷ 0.45 = 200 நியூட்டன். அந்த விசைக்குச் சதுர முனையைப் பொறுத்த திருப்புத்திறன் 200 × 0.4 = 80. கருவியில் வைக்க வேண்டிய அளவு 80. இதையே சூத்திரமாக எழுதலாம்:

S = T × L ÷ (L + E)

இதில் S கருவியில் வைக்கும் அளவு; T போல்டுக்கு வேண்டிய அளவு; L சதுர முனையின் மையத்திலிருந்து பிடியின் நடுப்பகுதி வரையுள்ள தொலைவு; E சதுர முனையின் மையத்திலிருந்து போல்டின் மையம் வரையுள்ள தொலைவு. க்ரோ ஃபுட்டின் முழு நீளத்தை E என்று எடுத்துக்கொள்வது தவறு. மையத்திலிருந்து மையம் வரை அளக்க வேண்டும்.

திசை முக்கியம்

'எக்ஸ்டென்ஷன்' என்ற ஒரே சொல்லை இரண்டு பொருள்களுக்குச் சொல்வதால் மாணவர்கள் குழம்புகிறார்கள். ஆழத்தில் உள்ள போல்டை எட்ட, சாக்கெட்டுக்கும் கருவிக்கும் நடுவில் நேராகச் செருகும் தண்டு ஒன்று உண்டு. அது போல்டின் அச்சிலேயே அமைவதால் செங்குத்துத் தொலைவு மாறாது. அதற்குத் திருத்தம் தேவையில்லை.

க்ரோ ஃபுட்டைக் கருவியின் நீளத்துக்குச் செங்கோணமாகத் திருப்பி மாட்டினாலும் திருத்தம் வேண்டாம். கரும்பலகையில் படம் வரைந்தால் காரணம் விளங்கும். கையின் விசை பிடிக்குச் செங்குத்தாகச் செல்கிறது. அந்த விசைக்கோட்டுக்குப் போல்டு மையத்திலிருந்து வரையும் செங்குத்துத் தொலைவு 400 மி.மீ.தான். க்ரோ ஃபுட்டைப் பிடியின் பக்கமாகப் பின்னோக்கி மாட்டினால் தொலைவு 350 மி.மீ. ஆகக் குறையும். அப்போது கருவியில் 90 × 400 ÷ 350, அதாவது ஏறத்தாழ 103 வைக்க வேண்டும்.

கை வைக்கும் இடம்

நீட்டிப்பு இல்லாதபோது பிடியில் கை சற்று முன்பின் நகர்ந்தாலும் பெரிய வேறுபாடு வராது. விசை மாறும், திருப்புத்திறன் மாறாது. நீட்டிப்பு இருக்கும்போது நிலைமை வேறு. நம் எடுத்துக்காட்டில் 80 என்று வைத்துவிட்டுக் கையை 300 மி.மீ. தொலைவில் பிடித்தால், ஒலி கேட்கும்போது விசை ஏறத்தாழ 267 நியூட்டன். போல்டு பெறுவது 267 × 0.35, அதாவது சுமார் 93. எந்த இடத்தை L ஆகக் கணக்கில் எடுத்தோமோ அங்கேயே பிடிக்க வேண்டும். பிடியில் ஒரு கோடு குறித்துக்கொள்வது நல்லது.

வகுப்பறையில் செய்து பார்க்க

ஒரு டார்க் ரெஞ்ச், மேசைப் பிடிகருவி ஒன்று, பயணப் பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் தராசு ஒன்று போதும். பட்டறை ஒன்றிலிருந்து ரெஞ்சை ஒரு நாளுக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். போல்டு ஒன்றைப் பிடிகருவியில் சுழலாதபடி இறுக்குங்கள். கருவியில் 40 நியூட்டன் மீட்டர் வையுங்கள். பிடியில் 40 செ.மீ. தொலைவில் தராசின் கொக்கியை மாட்டி, பிடிக்குச் செங்குத்தாக மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். ஒலி கேட்கும்போது தராசு ஏறத்தாழ 10.2 கிலோ காட்டும்; அது 100 நியூட்டன். இழுப்பவர் கால் ஊன்றி நிற்கட்டும். மற்றவர்கள் அந்தப் பக்கம் நிற்க வேண்டாம்.

அடுத்து க்ரோ ஃபுட்டை மாட்டி, அதே இடத்தில் இழுக்கச் சொல்லுங்கள். அளவு என்னவாகும் என்று முன்கூட்டியே எழுதச் சொன்னால், தொலைவு கூடியதால் குறையும் என்றே பலர் எழுதுவார்கள். தராசு மறுபடியும் 10.2 கிலோவைத்தான் காட்டும். அதே விசைதான், ஆனால் போல்டு இப்போது 45 செ.மீ. தொலைவில் இருக்கிறது, ஆகவே அது பெற்றது 45 நியூட்டன் மீட்டர். கருவி மட்டும் 40 என்றே சொல்கிறது. தொலைவை எந்தப் புள்ளியிலிருந்து அளப்பது என்ற கேள்விக்கு இங்கே மாணவர்களே விடை சொல்லிவிடுவார்கள்.

வீட்டுப்பாடமாக இந்தக் கணக்கைத் தரலாம்: கருவியின் நீளம் 350 மி.மீ., நீட்டிப்பு 70 மி.மீ., போல்டுக்கு வேண்டியது 60 நியூட்டன் மீட்டர். நீட்டிப்பை முன்னோக்கி மாட்டினால் கருவியில் 50 வைக்க வேண்டும்; பின்னோக்கி மாட்டினால் 75; செங்கோணத்தில் மாட்டினால் 60. மூன்று விடைகளையும் சூத்திரத்தில் எண்களை இட்டு மட்டும் எழுதாமல், படம் வரைந்து, செங்குத்துத் தொலைவைக் குறித்து வரச் சொல்லுங்கள்.